மஞ்சள் புள்ளி வரிசை

டாக்டரின் தம்பிக்கு அந்தக் கிளினிக்கில் ‘டைல்ஸ்’ என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு எப்படியும் கூப்பிட மாட்டார்கள். குளியலறைக்கு டைல்ஸ் விற்கும் கடை ஒன்றை நடத்தி, அதை அழகாக மூடிவிட்டு, அண்ணனுடைய கிளினிக்கில் மேனேஜர் என்று ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவன். உட்கார்ந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் லிஸ்ட். ஊசிக்கு லிஸ்ட், பஞ்சுக்கு லிஸ்ட், கழிப்பறைச் சோப்புக்குக்கூட ஒரு லிஸ்ட். அந்த லிஸ்ட்டுகளில் ஒன்றாவது உருப்படியாக இருந்ததா என்றால், சோப்பு லிஸ்ட் இருந்தது.

பெரியக்காவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. பெரியக்கா என்பது டாக்டர் மனைவியின் மூத்த சகோதரி. படித்துப் பட்டம் வாங்கிப் பதிவு செய்த மருந்தாளுநர். தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு, நர்ஸ், கூட்டுகிற அம்மா, வருகிற நோயாளிகள் என்று எல்லாருக்கும் அவள் பெரியக்கா ஆகிவிட்டாள். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே அவள் வைத்ததுதான் சட்டம். ஜன்னலுக்கு வெளியே உலகத்தில் பாதிப் பேர் மடையர்கள், மீதிப் பேர் அவர்களை நம்புகிறவர்கள் என்பது அவள் கட்சி. டைல்ஸ் வந்த பிறகு அந்தக் கட்சியில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. மருந்து ஆய்வாளர் ஒருவர் சோதனைக்கு வந்தார். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து ஒன்று, தேதி முடிந்தது, அலமாரியில் நல்ல மருந்துகளோடு சேர்ந்து உட்கார்ந்திருந்ததை எடுத்துக் காட்டினார். அடுத்த தடவை வரும்போது இப்படி இருந்தால் சும்மா போக மாட்டேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். பெரியக்காவுக்கு மானம் போனது. அவள் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் ஜன்னலில் உட்கார்ந்து மருந்து கொடுத்தவன் டைல்ஸ். புதிதாக வந்த சரக்கை முன்னால் அடுக்கி, பழையதைப் பின்னால் தள்ளியவனும் அவன்தான். ஆனால் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குவது அவள் சான்றிதழ், அவன் முகம் இல்லை.

மறுநாள் காலையிலேயே டைல்ஸ் ஒரு லிஸ்ட்டோடு வந்து நின்றான். கம்ப்யூட்டரில் அடித்து, கட்டம் கட்டி, மேலே கிளினிக் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தான்.

“ஸ்டாக் மொத்தமும் இதுல இருக்குக்கா. அகர வரிசையில போட்டிருக்கேன், தேடறதுக்கு ஈஸி.”

பெரியக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். “காய்ச்சல் மாத்திரைக்கு ஒரே ஒரு தேதி போட்டிருக்கியே தம்பி?”

“மேல இருந்த அட்டையில அதான் இருந்துச்சு.”

“அடியில இருக்கறதுல?”

“அதுவும் அதே மாத்திரைதானேக்கா!”

“அதே மாத்திரைதான். வேற வேற தடவை வந்தது, வேற வேற பேட்ச், வேற வேற தேதி. நீ மேல இருக்கறதைப் பார்த்து எழுதுவே, அடியில ஒண்ணு காலாவதியாகிச் செத்துக் கிடக்கும். ஆய்வாளர் வந்து அதைத்தான் எடுப்பார். உன் டைல்ஸ் கடையில வெள்ளை டைல்ஸ்னா எல்லாம் வெள்ளை. இங்க அப்படி இல்லை.”

டைல்ஸ் முகம் சுண்டிப்போனது. கடையைச் சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. “அப்போ நீங்களே போடுங்க,” என்றான்.

“பின்னே, நான்தான் போடணும். உன்னை நம்பினா நான் ஜெயில்லதான் உக்காந்து மாத்திரை எண்ணணும்.”

ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் விடுமுறை. பெரியக்கா நர்ஸைக் கூட வைத்துக்கொண்டு மொத்த அலமாரியையும் தரையில் இறக்கினாள். அப்பப்பா, அதிலிருந்து வந்த தூசியும் கண்றாவியும்! ஒவ்வொரு அட்டையையும் கையில் எடுத்து, வெளிப்பெட்டியில் இருப்பதை நம்பாமல், அட்டையிலேயே அச்சடித்த தேதியைப் பார்த்து நர்ஸ் சத்தமாகப் படிப்பாள், பெரியக்கா எழுதுவாள். மருந்துப் பெயர், வீரியம், பேட்ச் எண், முடியும் தேதி, எத்தனை இருக்கிறது, எந்தத் தட்டு. ஒரு பேட்சுக்கு ஒரு வரி. ஊசி மருந்துக் குப்பிகளில் எழுத்து எறும்பு மாதிரி இருந்ததால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்.

“பெரியக்கா, இதுல மாசமும் வருஷமும்தான் போட்டிருக்கு, தேதி போடலை,” என்பாள் நர்ஸ்.

“அந்த மாசம் கடைசி நாள் வரைக்கும் நல்லதுன்னு அர்த்தம். அடுத்தது.”

“இந்த அட்டையில ஒண்ணுமே இல்லை.”

பெரியக்கா வாங்கிப் பார்த்தாள். பாதி மாத்திரைகள்தான் இருந்தன. தேதி அச்சடித்த முனையைக் கத்தரியால் வெட்டி யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. மீதி, அப்பா பெயர் தெரியாத பிள்ளையாக நிற்கிறது. மருந்து கொடுக்கிறவர்கள் தேதி இல்லாத முனையிலிருந்துதான் வெட்டுவார்கள். தேதி இருக்கிற முனை கடைசி மாத்திரையோடு போகும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும். டைல்ஸுக்குச் சொல்லியும் புரியவில்லை. அவன் பார்வைக்கு எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் வெட்டுவான்.

“பக்கத்துல இருக்கற அட்டையும் இதே கம்பெனிதான், அந்தத் தேதியையே போட்டுடலாமா?” என்றாள் நர்ஸ் மெல்ல.

“ஏன், நீயும் டைல்ஸ் விக்கப் போறியா? தேதி தெரியலைன்னா தேதி முடிஞ்ச மாதிரிதான். சிவப்புல போடு.”

மூன்று கூட்டமாகப் பிரித்தாள். முதல் கூட்டம் சிவப்பு. தேதி முடிந்தவை, தேதியே தெரியாதவை, நிறம் மாறியவை, குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டியதை வெளியில் மறந்துவிட்டவை, திறந்து ஒரு மாதத்துக்கு மேலான கண் சொட்டு. அதையெல்லாம் தனிப்பெட்டியில் போட்டு, ‘கொடுக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டி, பூட்டு போட்டாள். மருத்துவக் கழிவு வண்டி வரும்போது ரசீது வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். குப்பைத் தொட்டியிலும் சாக்கடையிலும் கொட்டுவது டைல்ஸ் மாதிரி ஆட்கள் செய்கிற வேலை.

இரண்டாவது கூட்டம் மஞ்சள். இன்னும் மூன்று மாதத்துக்குள் முடிகிறவை, தேதி வரிசைப்படி. அந்த அட்டைகளில் மஞ்சள் புள்ளி ஒட்டி ஒவ்வொரு தட்டிலும் முன் வரிசைக்குக் கொண்டுவந்தாள். கேட்கிற மருந்தில் பழையது முதலில் போக வேண்டும், அவ்வளவுதான். அதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மாதத்துக்குச் சாப்பிட வேண்டியவனிடம் பத்து நாளில் முடிகிற அட்டையைக் கொடுக்கக் கூடாது. கடைசி மாத்திரையை விழுங்குகிற நாளும் தேதிக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது கூட்டம், மற்றதெல்லாம், பின் வரிசை.

மஞ்சளில் உச்சியில் உட்கார்ந்திருந்தது மெட்ரோனிடசோல். வயிற்றில் கிருமி, பல்லில் சீழ் என்றால் கொடுக்கிற மாத்திரை. மலை மாதிரி இருந்தது. ஏதோ ஏஜெண்ட் பல்லைக் காட்டி, இத்தனை வாங்கினால் இத்தனை இலவசம் என்று சொல்ல, டைல்ஸ் வாயைப் பிளந்து வாங்கிப் போட்டது. கொஞ்ச நாளில் முடிகிற சரக்கைத்தான் ஏஜெண்ட் இலவசமாகத் தள்ளுவான் என்பதுகூடவா தெரியாது? அதற்கு அடுத்து புழு மாத்திரை. அதற்கும் அடுத்து தூக்கம் வரவழைக்கிற சளி மருந்து. பெரியக்கா ஒவ்வொரு வரி எழுதும்போதும் டைல்ஸை ஒரு வார்த்தை திட்டினாள், லிஸ்ட் நீளமானது.

எதிர்க்கடைத் தையல்காரருடைய மாத்திரையை மட்டும் அவள் தன் கையாலேயே எடுத்துத் தனி டப்பாவில் வைத்தாள். அவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அது பொல்லாத மாத்திரை. கொஞ்சம் குறைந்தால் ரத்தம் கட்டும், கொஞ்சம் கூடினால் ரத்தம் நிற்காது. வேறு எந்த மருந்தோடும் சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது. பெரியக்கா அவருக்கு நீண்ட தேதி உள்ளதாக, ஒரே கம்பெனியுடையதாகப் பார்த்துத்தான் எடுத்து வைப்பாள். உலகத்தில் அவள் மரியாதை வைத்திருந்த சில மனிதர்களில் அவர் ஒருவர். கொடுத்த மாத்திரையைக் கொடுத்தபடி சாப்பிடுகிற ஆள்.

லிஸ்ட் முடிந்தது. முத்து முத்தான எழுத்து, வரி பிசகவில்லை. பெரியக்காவுக்கே அதைப் பார்க்கப் பார்க்கப் பிடித்திருந்தது. மஞ்சள் பக்கத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்து, அவளே டாக்டர் அறைக்குள் போய் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தாள். தம்பிக்காரன் எதை எதையெல்லாம் வாங்கி மலையாகக் குவித்திருக்கிறான் என்று அண்ணன்காரனும் தினம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவள் எண்ணம். அதில் வேறு நல்லெண்ணம் ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் அமைதியாகப் போனது. முன் வரிசை மஞ்சள் புள்ளிகள் மளமளவென்று குறைந்துகொண்டே வந்தன. பெரியக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. பார்த்தாயா, ஒழுங்காக அடுக்கினால் சரக்கு தானாகத் தீர்கிறது என்று நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டாள். டாக்டர் எழுதின சீட்டு வர வர மருந்தை எடுத்துக் கொடுத்தாள்.

அப்புறம்தான் சீட்டுகளைக் கவனித்தாள். முழங்காலில் அடிபட்ட பையனுக்குப் புழு மாத்திரை. தலைவலி என்று வந்த பெண்ணுக்கு வயிற்றுக் கிருமி மாத்திரை. காதில் அழுக்கு எடுக்க வந்தவருக்கு வயிற்றுக் கிருமி மாத்திரை, புழு மாத்திரை, தூங்க வைக்கும் சளி மருந்து மூன்றும். அந்த ஆள் லாரி ஓட்டுகிறவர்! நான்கைந்து சீட்டுகளை மேஜைமேல் பரப்பி வைத்தாள். எழுதியிருந்த மருந்துகளின் வரிசை எங்கேயோ பார்த்த வரிசையாக இருந்தது. அவளுடைய லிஸ்ட்டின் வரிசை. மேலிருந்து கீழே, ஒன்று, இரண்டு, மூன்று.

விடுவிடுவென்று டாக்டர் அறைக்குள் போனாள். கண்ணாடிக்கு மேலேயே பேனாவால் கோடு போட்டு, தீர்ந்ததை அடித்து வைத்திருந்தார்கள்.

“மாப்பிள்ளை, இது என்ன?” என்றாள்.

டாக்டர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் என்பதைத் தவிர அவரிடம் சொல்வதற்கு அதிகம் இல்லை. கத்திப் பேச மாட்டார், யாரையும் மறுத்துச் சொல்ல மாட்டார், யோசிக்கவும் மாட்டார்.

“நீங்க கொடுத்த லிஸ்ட்தானே பெரியக்கா. ரொம்ப உபயோகமா இருக்கு.”

“அது மருந்து எடுத்துக் கொடுக்கறவங்களுக்கு! நோய்க்கு என்ன வேணுமோ அதை நீங்க எழுதுங்க, அதுல எது பழசோ அதை நான் முதல்ல எடுத்துக் கொடுப்பேன். பழசா இருக்கேன்னு நோயாளிக்கு எழுதச் சொல்லி யாரு சொன்னா?”

“சின்னச் சின்ன மருந்துங்கதானே. ஒண்ணும் கெடுதல் வராது. புழு மாத்திரை யாருக்குக் கொடுத்தாலும் நல்லதுதான்.”

ஓரத்தில் நின்ற டைல்ஸ் வாயைத் திறந்தான். “வீணாப் போகக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க? இந்த மாசம் சிவப்பு டப்பாவுக்கு ஒரு மாத்திரைகூடப் போகக் கூடாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். டார்கெட்.”

“டார்கெட்டா? வர்றவன் வயிறு என்ன உனக்குக் குடோனா? வாங்கும்போது மூளையை அடகு வெச்சிட்டு வாங்கினே. இப்போ அதை ஊர்க்காரன் தொண்டையில தள்ளி மூடப் பார்க்கிறியா?”

டாக்டர் சிரித்து மழுப்பினார். “சரி சரி, பார்த்துக்கலாம் பெரியக்கா,” என்றார். அவருடைய ‘பார்த்துக்கலாம்’ என்றால் எதையும் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். இந்த ஆளுக்கா என் தங்கையைக் கொடுத்தோம் என்று பெரியக்கா மனசுக்குள் நூறாவது தடவையாக நொந்துகொண்டாள்.

அன்றிலிருந்து ஜன்னலில் அவளே மருந்துகளை வடிகட்டினாள். சீட்டு வரும், வந்தவரிடம் என்ன தொந்தரவு என்று கேட்பாள், தேவையானதை மட்டும் கொடுப்பாள். மற்றதைக் கேட்டால், “அது இப்போ வேணாம், உங்களுக்கு ஒத்துக்காது,” என்று அனுப்பிவிடுவாள். சந்தேகமாக இருந்தால் சீட்டோடு உள்ளே போய் டாக்டரைக் கேட்டு அவர் கையாலேயே அடிக்க வைப்பாள். டாக்டரும் அடிப்பார். அவருக்கு எழுதுவதும் ஒன்றுதான், அடிப்பதும் ஒன்றுதான்.

ஆனால் டைல்ஸ் எண்ணிப் பார்க்கிற ஆள். எண்ணுவது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். எழுதின சீட்டையும் முன் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மஞ்சள் ஏன் குறையவில்லை என்று கேட்டான். தேவையில்லாததால் கொடுக்கவில்லை என்றாள். அடுத்த நாள் பெரியக்கா வருவதற்கு முன்பே மஞ்சள் புள்ளி அட்டைகள் அத்தனையையும் ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு போய் டாக்டர் மேஜைமேலேயே வைத்துவிட்டான். இனி அதற்குச் சீட்டே கிடையாது. டாக்டர் கையை நீட்டி எடுத்து, நோயாளி கையில் கொடுத்துவிடுவார். எந்த மருந்து யாருக்குப் போனது என்று ஜன்னலுக்குத் தெரியவே தெரியாது.

பெரியக்கா போட்ட சத்தத்தில் காத்திருந்த நோயாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார். “வெளியாள் முன்னாடி வேணாம் பெரியக்கா, குடும்ப விஷயம்,” என்றார். அன்று மாலையே தங்கை போன் பண்ணி, “ஒரு டப்பாவுக்காக அவரை நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தணுமா அக்கா?” என்று அழுதாள். மருந்து தப்பு என்று சொன்னால் அவமானம்; தப்பு மருந்து கொடுத்தால் குடும்ப விஷயம். நல்ல குடும்பம்.

அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது தையல்காரர்தான். அந்த டப்பாவில் மேலே இருப்பது மெட்ரோனிடசோல். வார்ஃபரினோடு சேர்ந்தால் அது ரத்தத்தைத் தண்ணியாக்கிவிடும். உள்ளே எங்கேயாவது கசிய ஆரம்பித்தால் ஆளே போய்விடுவார். அன்றே கடைக்குப் போய்ச் சொன்னாள். “கிளினிக்ல எது கொடுத்தாலும் என்கிட்ட காட்டாம வாயில போடாதீங்க.” அவர் வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டு, “சரிங்க பெரியக்கா,” என்றார். சொன்னால் கேட்கிற ஆள் என்று நிம்மதியாக வந்தாள்.

சொன்னால் கேட்கிற ஆள்தான். யார் சொன்னாலும் கேட்கிற ஆள். அதுதான் அவள் யோசிக்காத விஷயம்.

பெரியக்கா லீவு போட்ட ஒரு நாளில், மிஷினில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டு அவர் கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தைலம் எழுதினார். அப்புறம் டப்பாவுக்குள் கையை விட்டார். “பெரியக்காகிட்ட காட்டிட்டுச் சாப்பிடவாங்க?” என்று தையல்காரர் கேட்டாராம். “அவங்க போட்ட லிஸ்ட்ல இருக்கறதுதான், அவங்களே கொடுத்த மாதிரி,” என்றானாம் டைல்ஸ். அவள் பெயரைச் சொன்ன பிறகு அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? மூன்று வேளை, ஐந்து நாள் என்று சொன்னதை ஒரு வேளை தப்பாமல் சாப்பிட ஆரம்பித்தார்.

சில நாள் கழித்து அவர் மனைவி மாதாந்திர மாத்திரை வாங்க ஜன்னலுக்கு வந்தாள். துணிக்குப் பொத்தான் தைக்கிற வேலை அவளுக்கு. விரலெல்லாம் ஊசி குத்தின தழும்பு. பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

“ரெண்டு நாளா பல்லு விளக்கினா ரத்தமா வருதுங்க. காலையில மூக்குலயும் வந்துச்சு. சூடுன்னு நினைக்கிறேன்.”

பெரியக்கா கையில் இருந்த அட்டை அப்படியே நின்றது. “வேற என்ன மாத்திரை சாப்பிடறார்?”

அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். கிட்டத்தட்ட காலி. முனையில் மஞ்சள் புள்ளி இருந்தது.

பெரியக்கா ஜன்னலைச் சாத்தவில்லை, பூட்டவில்லை. செருப்புகூட மாட்டாமல் ரோட்டைக் கடந்து ஓடினாள். தையல்காரர் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு ஒரு சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தார். துணி முழுக்க நனைந்திருந்தது. “எழுந்திருங்க,” என்றாள். “எதுவும் பேசாதீங்க, எழுந்திருங்க.” ஒரு ஆட்டோவை நிறுத்தி, இரண்டு மாத்திரையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அந்த அம்மாள் கையில் திணித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நேராக அவசரப் பிரிவுக்குப் போய் முதலில் இந்தத் தாளைக் காட்டுங்கள், ரத்தம் உறைகிறதா என்று பரிசோதனை பண்ணச் சொல்லுங்கள் என்றாள். ஆட்டோ போன பிறகுதான் காலில் தார் சுடுவது தெரிந்தது.

மறுநாள் அந்த அம்மாள் வந்தாள். இரவு முழுக்கத் தூங்காத கண். மூக்கில் ரத்தம் நின்றுவிட்டது, மருந்து ஏற்றியிருக்கிறார்கள், வயிற்றுக்குள் கசிவு ஏதாவது இருக்கிறதா என்று இன்னும் பார்க்கிறார்கள், ஒரு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எதற்காக அந்த மாத்திரை கொடுத்தார்கள் என்று அங்கே கேட்கிறார்கள், டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள் என்றாள். பெரியக்கா அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

டாக்டருக்கு வேர்த்தது. “கழுத்து வலின்னு வந்தார்... வயிறும் சுத்தமாகட்டுமேன்னு...” என்று இழுத்தார். அப்புறம் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளைக் காட்டினார். “பெரியக்கா லிஸ்ட்ல முதல்ல இருந்துச்சு.”

“லிஸ்ட் என்னோடதுதான்,” என்றாள் பெரியக்கா. “அதை இந்த மேஜையில வெச்சதும் நான்தான். உங்க தம்பியோட லட்சணத்தை உங்களுக்குக் காட்டணும்னு வெச்சேன். நீங்களும் அவனும் ஒரே லட்சணம்னு எனக்குத் தோணாமப் போச்சு.”

டைல்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. டப்பாவிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, தேதி இருக்கிற முனையை அந்த அம்மாளின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

“நல்லாப் பாருங்கம்மா. தேதி இன்னும் முடியலை. கெட்டுப் போன மருந்து எதையும் நாங்க கொடுக்கலை. வேணும்னா ஆய்வாளரையே வரச் சொல்லுங்க, அவரும் இதைத்தான் சொல்வார்.”

உண்மைதான். தேதி முடியவில்லை. பெரியக்கா எழுதின லிஸ்ட்டில் பிழையே கிடையாது.

அந்த அம்மாள் அட்டையை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா என்று யாருக்கும் தெரியாது. ஊசித் தழும்பு விரலால் ஒரு மாத்திரையை அமுக்கி வெளியில் எடுத்து, டாக்டருக்கு முன்னால் கண்ணாடிமேல் வைத்தாள். மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரையும் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

“நல்ல மருந்துதானேங்க. நீங்க ஒண்ணு போட்டுக்கங்க.”

டாக்டர் மாத்திரையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

“எனக்கு எதுக்கும்மா? எனக்குத்தான் வயித்துல ஒண்ணும் இல்லையே.”

“அவருக்கு மட்டும் என்னங்க இருந்துச்சு?” என்றாள் அவள்.